70 மதிப்பெண் தாளுக்குள் இருக்கும் 110

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் வாட்ஸப்பில் 22 புகைப்படங்கள் அனுப்பியிருந்தாள். எல்லாம் பழைய இயற்பியல் பொதுத்தேர்வுத் தாள்கள். "மாமா, இதுல எந்தப் பாடத்துக்கு எவ்வளவு மார்க் வருதுன்னு கணக்குப் போட்டுக் குடுங்க. கதிர் ஒளியியலையும் அலை ஒளியியலையும் சாய்ஸில் விட்டுடலாம்னு பாக்குறேன்." கேள்வி சின்னதுதான். ஆனால் கணக்கை நேராகப் போட்டால் தப்பான விடைதான் வரும்.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு. தாளில் அச்சாகியிருப்பதைக் கூட்டினால் 70 வராது. முதல் பகுதியில் 15 ஒரு மார்க் வினாக்கள், அதில் சாய்ஸ் கிடையாது. அடுத்து இரண்டு மார்க் வினாக்கள் ஒன்பது, ஆறு எழுதினால் போதும். மூன்று மார்க்கிலும் அதேபோல ஒன்பதுக்கு ஆறு. இந்த இரண்டு பகுதிகளிலும் கடைசி வினா, அதாவது 24-ம் 33-ம், கட்டாய வினாக்கள். கடைசியாக 34 முதல் 38 வரை ஐந்து மார்க் நெடுவினாக்கள் ஐந்து. ஒவ்வொன்றிலும் (அ) அல்லது (ஆ). கூட்டிப் பாருங்கள்: 15 + 18 + 27 + 50. மொத்தம் 110.

இந்த 110-தான் நம் முதல் துணை. புகைப்படத்திலிருந்து ஒரு தாளைப் பட்டியலாக்கி முடித்ததும் மதிப்பெண் பத்தியின் கூட்டுத்தொகை 110 வர வேண்டும்; (அ), (ஆ) தனித்தனி வரிசையாக எழுதினால் 43 வரிசைகள் இருக்க வேண்டும். 105 வந்தால் பெரும்பாலும் ஒரு நெடுவினாவின் (ஆ) காணாமல் போயிருக்கிறது. எனக்கு அப்படித்தான் ஆனது. பக்கத்தின் அடியில் (அ), அடுத்த பக்கத்தின் உச்சியில் (ஆ). இரண்டாவது படத்தில் மேல் விளிம்பு வெட்டுப்பட்டிருந்தது. கூட்டிப் பார்த்திருக்காவிட்டால் கவனித்திருக்கவே மாட்டேன்.

படத்தை எழுத்தாக மாற்ற டெஸராக்ட் என்ற இலவச மென்பொருள் போதும். வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருப்பதால் இரண்டு மொழிகளையும் சொல்லிவிட வேண்டும்:

```
tesseract p1.jpg p1 -l tam+eng
```

மடிப்பு விழுந்த இடத்திலும் கை நிழல் விழுந்த இடத்திலும் அது உளறும். அடுக்குக்குறிகளைத் தரையில் இறக்கிவிடும். 10⁻⁹ என்பது 109 ஆகிவிடும். இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை, நாம் கணக்கைத் தீர்க்கப்போவதில்லை, எந்தப் பாடம் என்றுதான் பார்க்கப்போகிறோம். கவலைப்பட வேண்டியது வினா எண்ணுக்கும் நடுவில் வரும் 'அல்லது'வுக்கும்தான். 1 முதல் 38 வரை எண்கள் வரிசையாக வந்திருக்கின்றனவா என்று ஒரு ஓட்டம் பார்த்துவிடுங்கள். படம் ரொம்ப மோசமென்றால் மென்பொருளோடு மல்லுக்கட்டுவதைவிடக் கையால் அடித்துவிடுவது சீக்கிரம் முடியும்.

அட்டவணைக்கு ஐந்து பத்திகள் போதும்: தாள், வினா எண், அ/ஆ, மதிப்பெண், பாடம். கடைசிப் பத்தியை நிரப்பும்போதுதான் யோசனை வரும். 'ஓர் எலக்ட்ரான் இத்தனை வோல்ட்டில் முடுக்கப்படுகிறது, அதன் டி ப்ராய் அலைநீளம் என்ன?' என்று ஒரு கேள்வி. மின்னழுத்தம் வருவதால் நிலைமின்னியலா? இல்லை. பாடநூலில் அந்தக் கணக்கு எங்கே இருக்கிறதோ அதுதான் அதன் பாடம்: இருமைப்பண்பு. மாணவி படிக்கப்போவது புத்தகத்தை வைத்துத்தானே. இன்னொன்று, அலகு எண்ணை எழுதாமல் பெயரை எழுதுங்கள். புத்தகத்தின் முதல் பதிப்பில் ஒளியியல் ஒரே அலகாக இருந்தது. பிறகு அதை இரண்டாகப் பிரித்தார்கள். எண்ணை நம்பினால் பழைய 7-ம் புதிய 7-ம் கலந்துவிடும்.

அப்புறம் கூட்டல் சுலபம். தாள் A பத்தியிலும் மதிப்பெண் D-யிலும் பாடம் E-யிலும் இருந்தால், ஒரு தாளில் ஒரு பாடத்தின் மதிப்பெண்:

```
=SUMIFS(D:D, A:A, "2023", E:E, "கதிர் ஒளியியல்")
```

பெரும்பாலோர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இந்த எண் சொல்வது தாளில் எவ்வளவு அச்சாகிறது என்பதை மட்டும்தான். அக்கா மகள் கேட்டது அதுவல்ல. விட்டால் எவ்வளவு போகும் என்று. இரண்டும் வேறு.

புரிவதற்காக ஒரு தாளைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் கதிர் ஒளியியலிலிருந்து இரண்டு ஒரு மார்க், ஒரு இரண்டு மார்க், ஒரு மூன்று மார்க், அப்புறம் 35-ன் (அ). அச்சானது 12. மின்னோட்டவியலிலிருந்து ஒரு ஒரு மார்க், கட்டாய வினாவான 24, இன்னொரு கட்டாய வினாவான 33. அச்சானது 6. அட்டவணையைப் பார்த்தால் ஒளியியல் இரண்டு மடங்கு முக்கியம்.

இப்போது விட்டுப் பாருங்கள். ஒளியியலை விட்டால் இரண்டு ஒரு மார்க் போகும். இரண்டு மார்க் பகுதியில் கட்டாய வினா போக மிச்சம் எட்டு, அதில் ஐந்து எழுதினால் போதும். ஆக மூன்று வினாக்கள் வரை விடலாம். மூன்று மார்க்கிலும் அதே கதை. 35-ல் (ஆ)-வை எழுதிக்கொள்ளலாம். மொத்த இழப்பு 2. மின்னோட்டவியலை விட்டாலோ அந்த 6-ம் முழுதாகப் போய்விடும்.

சரி, ஒவ்வொரு பாடத்துக்கும் இழப்பைக் கணக்கிட்டு, குறைவாக இருக்கும் இரண்டை விட்டுவிடலாமா? அங்கேதான் அடுத்த பள்ளம். அதே தாளில் அலை ஒளியியலிலிருந்து ஒரு ஒரு மார்க், இரண்டு இரண்டு மார்க், ஒரு மூன்று மார்க், 35-ன் (ஆ) என்று வைத்துக்கொள்வோம். அதை மட்டும் விட்டால் இழப்பு 1. கதிர் ஒளியியலுக்கு 2. இரண்டையும் சேர்த்து விட்டால் 3 என்று மனம் சொல்லும். ஆனால் இப்போது 35-ல் இரு பக்கமும் தெரியாது, ஐந்து மார்க் மொத்தமாகப் போகிறது, இழப்பு 8. இரண்டு மார்க்கில் மூன்று வினாக்கள் விட்டாகிவிட்டதால் அந்தச் சாய்ஸும் தீர்ந்தது. மூன்றாவதாக ஒரு பாடத்தை விட்டால், அதிலிருந்து வரும் முதல் இரண்டு மார்க் வினாவே நஷ்டம். அதனால் இழப்பை ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாகப் போட்டுக் கூட்டக் கூடாது. விட நினைக்கும் பாடங்களைச் சேர்த்தே ஒவ்வொரு தாளிலும் போட்டுப் பார்க்க வேண்டும்.

எந்தத் தாள்களைச் சேர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். 2021-ல் பொதுத்தேர்வு ரத்தானது. 2022-ல் பாடத்திட்டத்தைக் குறைத்து நடத்தினார்கள். நீக்கப்பட்ட பகுதிகளுக்கு அந்த ஆண்டு குறைவாகத்தான் காட்டும், அதைச் சராசரியில் சேர்க்காதீர்கள். 2018 வரையிலான 150 மதிப்பெண் தாள்களுக்கும் இன்றைய அமைப்புக்கும் தொடர்பே இல்லை. கழித்துப் பார்த்தால், துணைத்தேர்வுத் தாள்களைச் சேர்த்தும்கூட கையில் சில தாள்கள்தான் மிஞ்சும். ஒரு நெடுவினா இடம் மாறினால் ஒரு பாடத்தின் எண் சட்டென்று ஐந்து ஏறி இறங்கும். ஆகவே சராசரிக்குப் பக்கத்திலேயே மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் எழுதி வைத்தேன். அந்த இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும் பாடத்தில் சராசரியை நான் நம்புவதில்லை. அதேபோல, பாடத்துக்குள் இறங்கி 'இந்தத் தலைப்பு போன வருஷம் வந்தது, இந்த வருஷம் வராது' என்று பார்ப்பதற்கு இத்தனை சிறிய கணக்கு தாங்காது.

அக்கா மகளிடம் அட்டவணையைக் கொடுத்தேன். 35-ம் வினாவுக்கு நேராக இருந்த இரண்டு கட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ அலை ஒளியியலைப் படிச்சிடறேன் மாமா, அதுதான் சின்னது" என்றாள்.