ஹைப்போதலாமஸ்: பரிவகக்கீழ்

கிரேக்கத்தில் ‘ஹைப்போ’ என்றால் கீழே. ‘தலாமோஸ்’ என்றால் உள்ளறை, மணவறை. மூளையின் நடுவே இருக்கும் தலாமஸுக்கு அடியில் அமைந்திருப்பதால் இதற்கு ஹைப்போதலாமஸ் என்று பெயர். 1893-இல் வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூறியலாளர் வைத்தது. இலங்கைப் பாடநூல்களில் தலாமஸைப் பரிவகம் என்றும் இதைப் பரிவகக்கீழ் என்றும் எழுதுவார்கள். தமிழ்நாட்டில் ஹைப்போதலாமஸ் என்றே வழங்குகிறது. எனக்குப் பரிவகக்கீழ்தான் பிடிக்கும். மூலச்சொல் சொல்வதையே அதுவும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது.

ஏறத்தாழ 4 கிராம் எடையுள்ள இந்தப் பகுதிக்குள் பல ‘நியூக்ளியஸ்’கள் உண்டு. லத்தீனில் அது கொட்டைக்குள் இருக்கும் பருப்பைக் குறிக்கும். இங்கேதான் மாணவர்கள் குழம்புகிறார்கள். செல்லின் உட்கரு வேறு, இது வேறு. இது நரம்பு செல்கள் திரண்ட ஒரு கொத்து. அதனால் ‘நரம்புக்கரு’ என்று எழுதுவது நல்லது.

ஒரு கரு என்ன செய்கிறது என்பதைக் குளிர்காய்ச்சலில் பார்க்கலாம். உடலின் வெப்ப அளவைக் காப்பது பரிவகக்கீழின் முன்பகுதி. வழக்கமான இலக்கு சுமார் 37 டிகிரி செல்சியஸ். தொற்று வந்தால் புராஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற பொருள் அங்கே சேர்ந்து, இலக்கை 39-க்கு உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ரத்தம் இன்னும் 37-இல்தான் இருக்கிறது. அந்தக் கருவின் கணக்கில் அது குளிர்! உடனே மூளைத்தண்டு வழியாக, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் இயங்கும் பரிவு நரம்புகளுக்குக் கட்டளை போகிறது. தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிக் கைகால்கள் சில்லிடுகின்றன. நடுக்கம் வேறொரு வழியில், தசைகளை இயக்கும் நரம்புகளால் வருகிறது. நெற்றி சுடும்போதே போர்வை கேட்பது இதனால்தான். பாராசிட்டமால் அந்தப் பொருள் உண்டாவதைக் குறைக்கிறது. இலக்கு மீண்டும் இறங்குகிறது. அப்புறம் குழாய்கள் விரிந்து வியர்த்துக் கொட்டும்.

வெயில் தாக்கி உடல் 40 டிகிரியைத் தாண்டினால் கதை வேறு. அங்கே இலக்கு ஏறவில்லை, வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் உடல் தோற்றிருக்கிறது. அதனால் பாராசிட்டமால் பயன்படாது. ஆள் பிதற்றினால், நினைவு தடுமாறினால் உடனே உடலை நனைத்து விசிறிக் குளிர்வித்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

வியர்வையில் நீர் போனால் ரத்தத்தில் உப்பின் செறிவு கூடும். அதை உணரும் செல்களும் பரிவகக்கீழின் முன்பக்கத்தில்தான் இருக்கின்றன. தாகம் எழும்; கூடவே சிறுநீரைக் குறைக்கும் வாசோபிரெசின் சுரக்கும். பசிக்கு, அடிப்பகுதியில் உள்ள வில்வடிவக் கரு.

காய்ச்சல் மாலையில் ஏறுவதாகப் பாட்டிமார் சொல்வதற்கும் ஒரு கரு உண்டு. பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் அது, கண்ணிலிருந்து வரும் ஒளிச்செய்தியை வைத்து நாளின் சுழற்சியைச் சரி செய்கிறது. நலமாக இருக்கும்போதும் உடல் வெப்பம் விடியலுக்குச் சற்று முன் தாழ்ந்து, மாலையில் அரை டிகிரி அளவு உயரும். காய்ச்சல் அதன் மேல் ஏறி நிற்கிறது.