பெயரை எழுதினால் போதாதா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் 180 பேர் இருக்கிறோம். ஓயாமல் செய்தி வருவதால் மியூட் செய்து வைத்திருக்கிறேன். மோட்டார் அறைச் சாவி என்னிடம்தான் இருக்கும். போன வாரம் ஒருவர், 'செல்வி அக்கா, சாவி வேண்டும், பிளம்பர் காத்திருக்கிறார்' என்று காலையில் எழுதியிருக்கிறார். மாலையில்தான் பார்த்தேன். என் பெயரைச் சொல்லியும் போன் ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

கல்யாண மண்டபத்து இரைச்சலில் யாரோ நம் பெயரைச் சொன்னால் சட்டென்று திரும்பிப் பார்க்கிறோம். போனும் அப்படிச் செய்யும் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் செய்தியில் இருக்கும் 'செல்வி' என்ற சொல் நீங்கள்தான் என்பது போனுக்குத் தெரியாது. அதற்கு அது மூன்று எழுத்து, அவ்வளவுதான்.

@ குறியைத் தட்டி, மேலே விரியும் பட்டியலில் உங்கள் பெயரைத் தொட்டால் கதை மாறுகிறது. அப்போது செய்தியோடு சேர்ந்து உங்கள் கணக்கின் அடையாள எண்ணும் பயணப்படுகிறது. இதை உங்கள் குழுவிலேயே சோதித்துப் பார்க்கலாம். அந்தச் செய்தியை மூன்று பேரின் போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் திரையில் 'செல்வி அக்கா' என்றிருக்கும், இன்னொருவர் திரையில் 'செல்வி மூன்றாம் மாடி' என்றிருக்கும். எண்ணைச் சேமித்து வைக்காதவருக்கு நீங்களே வைத்துக்கொண்ட பெயரோ எண்ணோ தெரியும். அனுப்பியது ஒரே செய்தி. வந்து சேர்ந்தது அடையாளம் மட்டும். அதற்குப் பெயர் சூட்டுவது அவரவர் போன்.

இதில் என்னை மிகவும் கவர்வது அடுத்த படி. வாட்ஸ்அப் செய்திகள் பூட்டப்பட்டே செல்கின்றன, நடுவில் இருக்கும் சர்வரால் உள்ளே படிக்க முடியாது. யாரை அழைத்திருக்கிறது என்ற பட்டியலும் அந்தப் பூட்டுக்குள்தான் இருக்கிறது. அதனால் "இது செல்விக்கு" என்று சர்வர் பிரித்துக் கொடுப்பதில்லை. அனுப்பியவரைத் தவிர மற்ற 179 பேரின் போன்களுக்கும் அதே செய்தி போகிறது. ஒவ்வொரு போனும் பூட்டைத் திறந்து, பட்டியலில் தன் எண் இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்கிறது. மற்றவர்களின் போன் அதைச் சாதாரணச் செய்தியாக எடுத்துவைக்கிறது. உங்கள் போன் மட்டும் மியூட்டையும் மீறி அறிவிப்பைக் காட்டுகிறது, அரட்டைப் பட்டியலில் @ குறியையும் இடுகிறது. குழுவை ஆர்க்கைவ் செய்திருந்தாலும் இந்த அறிவிப்பு வரும். @ குறியைக் கையால் போட்டு, பட்டியலைத் தொடாமல் 'செல்வி' என்று தட்டச்சு செய்தால் எண் சேராது, அறிவிப்பும் வராது. பெயர் வேறு நிறத்தில் தெரிகிறதா என்பதை வைத்து அனுப்பும் முன்பே கண்டுகொள்ளலாம்.

ரிப்ளையும் இதே வகைதான். நீங்கள் பதில் சொல்லும் செய்தியின் எண்ணும் அதை எழுதியவரின் அடையாளமும் உடன் செல்கின்றன. எனவே அறிவிப்பு, பழைய செய்தியை எழுதியவருக்குத்தான். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். முதல் மாடிக்காரர் "சாவி யாரிடம்?" என்று கேட்கிறார். இன்னொருவர் அதற்கே ரிப்ளை செய்து, "செல்வி அக்கா, கொடுத்துவிடுங்கள்" என்கிறார். அறிவிப்பு முதல் மாடிக்காரருக்குப் போகிறது, சாவி வைத்திருப்பவருக்குப் போகவில்லை. ரிப்ளைக்குள்ளேயே @ போட்டு உங்களைத் தேர்ந்திருந்தால் இருவருக்கும் போயிருக்கும்.

அழைப்பது கேட்பவர் மனத்திலும் வேலை செய்கிறது. பேட்ரிக் மார்க்கி என்ற உளவியலாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இணைய அரட்டைக் குழுக்களில் உதவி கேட்டுப் பார்த்தார். ஆட்கள் கூடக் கூட உதவி வரத் தாமதமானது. வேறு யாராவது சொல்வார்கள் என்று எல்லோரும் இருந்துவிடுகிறார்கள். ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்டபோது அந்தத் தாமதம் ஏறக்குறைய மறைந்துபோனது. இந்த ஆய்வுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நம் பல்கலைக்கழகங்கள் தமிழ்க் குழுக்களில் இதைச் செய்து பார்க்க ஒரு சிறு தொகை ஒதுக்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை. 'அக்கா', 'சார்' என்று பொதுவாக விளிப்பது இங்கே எவ்வளவு பலன் தருகிறது என்று அறிய ஆவலாக இருக்கிறது.

அதே காரணத்தால், ஒரே செய்தியில் பதினைந்து பேரை @ போட்டு அழைத்தால் பொறுப்பு மறுபடியும் பதினைந்தாகப் பிரிந்துவிடும். "பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல் வரும்" என்ற செய்தியில் எல்லோரையும் அழைப்பவர்கள் மீது எனக்கு உண்மையான கோபம் உண்டு. பயத்தைப் பரப்புவது ஒன்று. @ குறியைக் கண்டால் திறக்கும் பழக்கத்தையே மற்றவர்களிடம் அழித்துவிடுவது இன்னொன்று.

வாசகிக்கு: மியூட்டை எடுக்க வேண்டாம். "சாவிக்கு என்னை @ போட்டு, பட்டியலில் தேர்ந்து அழையுங்கள்" என்று குழுவில் ஒரு வரி எழுதி, அதைப் பின் செய்து வையுங்கள்.