198-க்கும் 175-க்கும் நடுவே: அகரோஸ் ஜெல்லில் சதவீதமும் சாயமும்

டிஎன்ஏ துண்டுகளை மின்சாரத்தால் ஓட்டி நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல் ஊற்ற, பல ஆய்வகங்களில் 1% அகரோஸ் ஒரு பாட்டிலில் எப்போதும் தயாராக இருக்கும். எந்த சாம்பிள் வந்தாலும் அதையே உருக்கி ஊற்றுவார்கள். பாக்டீரியாவின் வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிட்டைப் பார்க்கவும், இரண்டு மூன்றாயிரம் பேஸ் பேர் நீளமுள்ள துண்டுகளைப் பிரிக்கவும் அது போதும். சிறிய துண்டுகளைப் பார்க்கும்போதுதான் ஆபத்து. 1% ஜெல் அங்கே பழுதான ஜெல் போலத் தெரியாது. ஒரே பேண்ட், அதாவது டிஎன்ஏ சேர்ந்த ஒரே கோடு, சுத்தமாக வந்து நிற்கும், பதில் மட்டும் தவறாக இருக்கும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

நான் பயிற்சியில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் உதாரணம் எம்டிஎச்எஃப்ஆர் மரபணுவின் 677-ஆவது இட மாற்றம். அங்கே சி என்ற எழுத்துக்குப் பதில் டி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிசிஆரில் 198 பேஸ் பேர் நீளமுள்ள துண்டைப் பெருக்கி, ஹின்ஃப்-1 என்ற வெட்டு நொதியைச் சேர்க்கிறோம். டி இருந்தால் மட்டுமே அந்த நொதிக்கு வெட்டும் இடம் கிடைக்கும். அப்போது 198 என்பது 175 ஆகவும் 23 ஆகவும் உடையும். இரண்டு பிரதியிலும் சி இருப்பவருக்கு 198 மட்டும், இரண்டிலும் டி இருப்பவருக்கு 175-உம் 23-உம், ஒன்றில் சி மற்றதில் டி உள்ளவருக்கு மூன்றும் வரும். இதில் 23-ஐ நம்ப முடியாது. அவ்வளவு சின்னத் துண்டில் சாயம் ஒட்டுவதே குறைவு, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆக மொத்த விடையும் 198-க்கும் 175-க்கும் நடுவே உள்ள 23 பேஸ் பேர் வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இதை 1% ஜெல்லில் ஓட்டினால் என்ன ஆகும்? 1% ஜெல்லின் துளைகள் சுமார் 500 முதல் 10,000 பேஸ் பேர் வரையுள்ள துண்டுகளைப் பிரிக்கத் தோதானவை. 200-க்குக் கீழே உள்ளவை எல்லாம் தடையில்லாமல் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடி, முன்பக்கம் ஒரே பேண்டாகச் சேர்ந்துவிடும். மூன்று வகை ஆட்களுக்கும் ஒரே படம்தான். 2% ஜெல் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் பேண்டுகள் ஒட்டிக்கொண்டே நிற்கும், குறுகிய ஜெல்லில் வாசிக்கக் கஷ்டம். இந்தச் சோதனைக்கு 3% வேண்டும். 0.8% பெரிய துண்டுகளுக்கு, 1.5% சில நூறு முதல் இரண்டு மூன்றாயிரம் வரை, 2% நூறு முதல் இரண்டாயிரம் வரை என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் இதைவிட முக்கியம், நாம் பிரிக்க வேண்டிய இரண்டு துண்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்ற கேள்வி. துண்டின் அளவை மட்டும் பார்த்துச் சதவீதம் முடிவு செய்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

3% ஜெல் செய்வதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். 50 மில்லிலிட்டர் பஃபருக்கு 1.5 கிராம் அகரோஸ். பஃபர் குளிர்ந்த நிலையில் இருக்கும்போதே பொடியைத் தூவிக் கலக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். நேராக மைக்ரோவேவில் வைத்தால் கட்டி கட்டியாக நிற்கும். அளவைவிட மூன்று நான்கு மடங்கு பெரிய குடுவை எடுங்கள், ஏனென்றால் இது நுரைத்துப் பொங்கும். சூடாக்கும் முன் குடுவையின் எடையைக் குறித்துக்கொண்டு, உருகிய பிறகு மறுபடி எடைபோட்டு, ஆவியாகிப்போன அளவுக்குச் சூடான தண்ணீர் சேருங்கள். இதைச் செய்யாவிட்டால் 3% என்று பெயர் எழுதியது உண்மையில் 3.4% ஆக இருக்கலாம். அப்புறம் நேற்றைய ஜெல்லையும் இன்றைய ஜெல்லையும் எப்படி ஒப்பிடுவது? உருகிய அகரோஸ் அசையாமல் இருக்கும்போது அமைதியாகத் தெரிந்தாலும் குலுக்கியதும் சட்டென்று கொதித்தெழும். வெப்பம் தாங்கும் கிளவுஸ் போட்டு, குடுவையின் வாயை முகத்துக்கு எதிரே பிடிக்காமல் மெல்லச் சுழற்ற வேண்டும்.

ஓட்டும்போது மின்முனைகளுக்கு இடையே ஒரு சென்டிமீட்டருக்கு 5 வோல்ட் என்ற கணக்குப் போதும். 15 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள தொட்டியில் அது 75 வோல்ட். அவசரப்பட்டு ஏற்றினால் ஜெல் சூடாகி பேண்டுகள் சிரிப்பது போல வளையும். ஓட்டம் எவ்வளவு தூரம் போனது என்று காட்டச் சாம்பிளில் சேர்க்கும் நீல நிற புரோமோஃபீனால் சாயத்தையும் கவனியுங்கள். டிஏஇ பஃபரில் செய்த 2% ஜெல்லில் அது 150 பேஸ் பேர் அருகே ஓடும், அந்த இடத்து வெளிச்சத்தை மறைக்கும். அந்த ஜெல்லில் 175-ஐத் தேடுபவருக்கு அது தொந்தரவு. சாயத்தைக் குறைத்துப் போடலாம், அல்லது இன்னும் வேகமாக ஓடும் ஆரஞ்சு ஜி பயன்படுத்தலாம்.

இன்னொரு பொறி உண்டு. நொதி முழுதாக வெட்டாமல் போனால், இரண்டிலும் டி உள்ளவர் 198-உம் 175-உம் காட்டுவார். அதாவது கலப்பு வகை போலத் தெரிவார். எந்த ஜெல்லும் இதைத் திருத்தாது. இரண்டிலும் டி என்று ஏற்கனவே உறுதியான ஒரு சாம்பிளையும், நொதி சேர்க்காத ஒரு சாம்பிளையும் அதே நாளில், அதே கலவையில் வைக்க வேண்டும். முதல் சாம்பிளில் 198 மிச்சம் இருந்தால் அன்றைய முடிவுகளை வெளியிடக் கூடாது.

சரி, டிஎன்ஏவைக் கண்ணுக்குக் காட்டும் சாயத்துக்கு வருவோம். புறஊதா ஒளியில் ஒளிரும் எத்திடியம் புரோமைடை உருகிய ஜெல்லிலேயே கலப்பதுதான் பலரின் பழக்கம். டிஎன்ஏ நேர்முனை நோக்கிப் போகும், எத்திடியம் நேர் மின்னூட்டம் கொண்டது, எனவே எதிர்த்திசையில் எதிர்முனை நோக்கிப் போகும். நீண்ட நேரம் ஓட்டினால் ஜெல்லின் கீழ்ப்பாதியில், நம் சின்னத் துண்டுகள் நிற்கும் இடத்தில், சாயம் தீர்ந்துவிடும். இதனால்தான் இப்படிப்பட்ட ஜெல்லைச் சாயமில்லாமல் ஓட்டி, பிறகு மில்லிலிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைக்கச் சொல்கிறேன். 3% ஜெல்லுக்கு 45 நிமிடம்கூட ஆகலாம். மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் வலுவுள்ள கரைசலில் 5 மைக்ரோலிட்டர் எடுத்து 100 மில்லிலிட்டர் தண்ணீரில் விட்டால் இந்த அளவு வரும். பொடியாக வாங்காதீர்கள், எடைபோடும்போது பறக்கும். கரைசலாகவே கிடைக்கிறது.

இப்படிச் செய்வதால் பேண்ட் தெளிவாவதோடு பாதுகாப்பும் கூடுகிறது. ஓட்டும் தொட்டியும் அதன் பஃபரும் சுத்தமாக இருக்கின்றன, ஒரு தட்டு மட்டுமே சாயம் தொட்டதாகிறது. எத்திடியம் டிஎன்ஏ அடுக்குகளுக்கு இடையே நுழைந்து உட்காரும் பொருள், மரபணு மாற்றத்தை உண்டாக்கக் கூடியது என்று பாக்டீரியா சோதனைகளில் தெரிந்தது. ஆய்வகத்தில் அது பரவுவது பெரும்பாலும் கைகளால்தான். சாயம் தொட்ட நைட்ரைல் கிளவுஸோடு கதவுக் கைப்பிடி, குளிர்பெட்டி, கணினி மவுஸ், போன் எல்லாவற்றையும் தொடுகிறார்கள். இருட்டில் கைப்புறஊதா விளக்கைப் பிடித்துப் பார்த்தால் ஆரஞ்சுப் புள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரியும். ஒரு கையில் மட்டும் கிளவுஸ், மற்றது கதவுக்கும் கேமரா பட்டனுக்கும் என்ற வழக்கத்தை நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

சைபர் சேஃப் போன்ற மாற்றுச் சாயங்கள் நீல ஒளியிலேயே தெரியும், புறஊதா விளக்கே தேவையில்லை. இதுதான் அவற்றின் பெரிய நன்மை. ஆனால் டிஎன்ஏவில் ஒட்டும் எதையும் வெறுங்கையால் தொடக் கூடாது, பெயரில் 'பாதுகாப்பு' இருந்தாலும் சரி. எத்திடியம்தான், புறஊதாவில்தான் பார்க்க வேண்டும் என்றால், முகம் முழுக்க மறைக்கும் கவசம் போடுங்கள், கண்ணாடி மட்டும் போதாது. சட்டைக் கைக்கும் கிளவுஸுக்கும் நடுவே உள்ள மணிக்கட்டுத் தோலையும் மூடுங்கள். கண்ணில் புறஊதா பட்டது அப்போது தெரியாது, சில மணி நேரம் கழித்து மணல் விழுந்தது போல உறுத்தும். பேண்டை வெட்டி எடுத்து க்ளோன் செய்யப் போகிறவர் 302 நானோமீட்டர் விளக்கில் நிதானமாக வெட்டினால் டிஎன்ஏவும் கெடும். 365 அல்லது நீல ஒளியில், சில விநாடிகளில் வேலையை முடிக்க வேண்டும்.

சாயம் சேர்ந்த ஜெல்லைத் தனி லேபிள் ஒட்டிய பெட்டியில் சேர்த்து, எரிப்பதற்கு அனுப்ப வேண்டும், பொதுக் குப்பையில் போடக் கூடாது. சாயக் கரைசலைச் செயல்படுத்திய கரி வழியாக வடிகட்டி, அந்தக் கரியையும் அதே பெட்டியில் சேர்க்கலாம். பிளீச் ஊற்றி நிறம் போய்விட்டதே என்று சாக்கடையில் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளீச்சோடு வினைபுரியும் எத்திடியத்திலிருந்து வரும் பொருட்களிலும் மரபணு மாற்றம் செய்பவை உண்டு, நிறம் போனதை வைத்து அதை முடிவு செய்ய முடியாது.