புயல் கடலில், காற்று கரையிலிருந்து

மிக்ஜாம் புயல் வந்துபோன மறுவாரம், காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் தம்பி ஒருவன் ஒரு கேள்வி கேட்டான். "புயலு கடல்ல கீது. காத்து மட்டும் இன்னாத்துக்குண்ணா தரையிலேர்ந்து அடிக்குது?" 2023 டிசம்பர் 4 காலை மிக்ஜாமின் மையம் சென்னைக்குக் கிழக்கு வடகிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருந்தது. ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் காற்று வந்தது வடமேற்கிலிருந்து, அதாவது தரைப் பக்கமிருந்து. ஊரே கடலைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்க, காற்று முதுகுப் பக்கமாக வந்து அடிக்கிறது. அவன் குழம்பியதில் தப்பே இல்லை.

விடை வானிலை வரைபடத்திலேயே இருக்கிறது. ஆளுக்கொரு செயலியில் அதை இப்போது எல்லோரும் பார்க்கிறார்கள், வாசிப்பவர்கள்தான் குறைவு. அதில் வளைந்து வளைந்து போகும் கோடுகள் சம அழுத்தக் கோடுகள். ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை இணைத்தால் ஒரு கோடு. பெங்களூரு மேட்டில் இருப்பதால் அங்கே அழுத்தம் இயல்பிலேயே குறைவு. ஆகவே எல்லா ஊர்களின் அளவையும் கடல்மட்டத்துக்கு மாற்றிய பிறகே கோடு போடுவார்கள். L என்று எழுதியிருந்தால் அழுத்தம் குறைந்த பள்ளம், H என்றால் மேடு. கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து, காற்று வேகம். இதுவரை பள்ளிப் பாடம்.

பாடம் சொல்லாமல் விடுவது காற்றின் திசையை. பந்து பள்ளத்தில் உருள்வதுபோல காற்றும் H-லிருந்து நேராக L-க்குள் விழும் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி விழுந்தால் எந்தத் தாழ்வும் சில மணி நேரத்தில் நிரம்பிக் காணாமல் போயிருக்கும். உண்மையில் காற்று பெரும்பாலும் கோடுகளை ஒட்டியே ஓடுகிறது.

காரணம் நம் காலுக்குக் கீழே சுற்றும் பூமி. சென்னை இருக்கும் இடத்தில் தரை மணிக்குச் சுமார் 1,626 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. ஆந்திரக் கடற்கரையின் பாபட்லா நம்மைவிட வடக்கே, பூமியின் அச்சுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதால், அங்கே தரையின் வேகம் சுமார் 1,606. இப்போது பாபட்லாவிலிருந்து ஒரு பொட்டலம் காற்று சென்னையை நோக்கித் தெற்கே கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த கிழக்கு வேகம் 1,606தான். ஆனால் சென்னைத் தரை 20 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் முன்னே ஓடுகிறது. காற்று பின்தங்கும். தரையில் நிற்கும் நமக்கு அது மேற்கே, அதாவது போகும் திசைக்கு வலப்பக்கம் விலகுவதாகத் தெரியும். சென்னையிலிருந்து வடக்கே கிளம்பினால் 20 கிலோமீட்டர் மிச்சத்தோடு போய்க் கிழக்கே விலகும். அதுவும் வலம்தான். (கிழக்கு மேற்காக ஓடும் காற்றும் வலத்துக்கே திரும்பும், அதன் கணக்கு வேறு.) இதைத்தான் கொரியாலிஸ் விசை என்கிறோம்.

ஆக, காற்று L-ஐ நோக்கிக் கிளம்புகிறது. அழுத்தம் உள்ளே இழுக்கிறது, பூமியின் சுழற்சி வலத்தே தள்ளுகிறது. இரண்டும் சமமாகும்போது காற்று கோட்டோடு கோடாக, L-ஐ இடப்பக்கம் வைத்துக்கொண்டு இடஞ்சுழியாகச் சுற்றத் தொடங்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. தரைக்குப் பக்கத்தில் மரம், கட்டடம், அலை எல்லாம் உரசிக் காற்றின் வேகத்தைக் குறைக்கின்றன. கொரியாலிஸ் விசை வேகத்தைப் பொறுத்தது. வேகம் குறைந்தால் அதுவும் குறையும். அழுத்தத்தின் இழுப்பு குறைவதில்லை. அதனால் காற்று கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே சாய்கிறது. அப்படி நாலு பக்கமும் இருந்து உள்ளே நுழைந்த காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. மேலே போனால் குளிர்ந்து மேகமாகிறது. தாழ்வு என்றால் மழை என்பதற்குப் பின்னால் இந்த உராய்வும் இருக்கிறது. H-ஐச் சுற்றி எல்லாமே தலைகீழ்: காற்று வலஞ்சுழியாக வெளியே கசியும், மேலிருந்து இறங்கும், வானம் வெளுக்கும்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். L நமக்குக் கிழக்கு வடகிழக்கே. அதைச் சுற்றி இடஞ்சுழியாக ஓடும் காற்று, மேற்குப் பக்கமிருக்கும் நம்மைக் கடக்கும்போது தெற்கு நோக்கி ஓடும். கொஞ்சம் உள்ளே சாய்ந்தால் தென்கிழக்கு நோக்கி. அப்படியானால் அது கிளம்பிய இடம் வடமேற்கு. மறுநாள் டிசம்பர் 5 பிற்பகல் புயல் பாபட்லாவுக்கு அருகே கரை கடந்தது. அந்த ஊர் நமக்கு ஏறக்குறைய நேர் வடக்கு; அதே கணக்கைப் போட்டால் இங்கே காற்று மேற்கு தென்மேற்கிலிருந்து வரவேண்டும். வடக்கிலிருந்து வரும் வாடை மெல்ல மேற்கிலிருந்து வரும் கோடைக் காற்றாகத் திரும்பினால், புயல் நமக்கு வடக்கே நழுவுகிறது என்று அர்த்தம். படம்கூட வேண்டாம். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடக்கையை நீட்டி, சற்று முன்பக்கம் திருப்பினால் கை காட்டுவது L. பைஸ் பாலட் என்ற டச்சுக்காரர் 1857-இல் சொன்ன விதி இது. எந்தப் பஞ்சாங்கம் மழை சொன்னது என்று தேடுவதைவிட இது எளிது.

வெளிநாட்டுப் படத்தோடு ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. கொரியாலிஸ் விசை நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க மெலியும். 200 கிலோமீட்டருக்கு 2 மில்லிபார் அழுத்தச் சரிவு என்றால், லண்டனில் மணிக்குச் சுமார் 26 கிலோமீட்டர் காற்றே அதைச் சமன்செய்துவிடும்; சென்னையில் 90 வேண்டும். உராய்வும் கோட்டின் வளைவும் சேர்ந்து இதைக் குறைத்தாலும், நம் படத்தில் கொஞ்சம் இடைவெளிவிட்ட கோடுகளையே மதிக்க வேண்டும். பிரிட்டன் படத்தில் 4 மில்லிபாருக்கு ஒரு கோடு, நம்மூர்ப் படத்தில் 2-க்கு ஒன்று என்பதையும் ஓரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படங்களில் வரும் நீல முக்கோணங்களும் சிவப்பு அரைவட்டங்களும் வளிமுகங்கள். குளிர்ந்த காற்றும் வெதுவெதுப்பான காற்றும் முட்டும் எல்லை; முக்கோணத்தின் கூர் காட்டும் பக்கம் குளிர் முன்னேறுகிறது. முதல் உலகப்போர் முடிந்த கையோடு நார்வே விஞ்ஞானிகள் போர்முனையை நினைத்து வைத்த பெயர். வங்கக்கடலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே புழுக்கம், முட்டிக்கொள்ள இரண்டு காற்று இல்லை. ஆகவே எண்ணூருக்கு மேலே நீல முக்கோணத்தைத் தேடாதீர்கள்.

இன்னொரு பொறி, கைப்பேசியில் அழுத்தமானி வைத்திருப்பவர்களுக்கு. காலை 10 மணிக்குப் பார்த்த அளவு மாலை 4 மணிக்கு 3 மில்லிபார்போல இறங்கியிருக்கும். உடனே "தாழ்வு வருது" என்று குழுவில் போட்டுவிடுவார்கள். வெயிலால் வளிமண்டலம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிட வேண்டும். அப்படியும் 3 குறைந்திருந்தால் கவனியுங்கள்.

கோடுகளையும் முழுசாக நம்பிவிடாதீர்கள். தரையில் ஊருக்கு ஊர் அளவு கிடைக்கிறது. கடலிலோ, பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் சில மிதவைகளும் வழியில் போகும் கப்பல்களும்தான். நடுவில் உள்ள கோடு செயற்கைக்கோளும் கணினியும் சேர்ந்து ஊகித்தது. மிதவைகளை இன்னும் பெருக்கக் காசு ஒதுக்கலாம். அந்தச் செலவை வீண் என்று எவராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

தம்பி கடைசியாகக் கேட்டது புயல் கூண்டைப் பற்றி. 5-ஆம் எண் என்றால் புயலின் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருக்கும், 6 என்றால் வலப்பக்கம். மேற்கே வரும் புயலுக்கு இடம் என்பது தெற்கு. ஆகவே 5 ஏறினால் புயல் நமக்கு வடக்கே கடக்கும். காற்று தரையிலிருந்து கடலுக்குத் தள்ளும், கயிறு அறுந்த படகு வெளியே போகும். 6 ஏறினால் தெற்கே கடக்கும். காற்று கடலைக் கரைமேல் ஏற்றும், படகுகள் ஒன்றோடொன்று மோதி உடையும். "அப்போ 6-க்கு ரெண்டு கயிறு சேத்துக் கட்டணும்ணா" என்றான். 5-க்கும் கட்டு என்றேன்.