‘CR’ அழுத்தினால் கடன் ஆகிவிடாது: இரண்டு வலையமைப்புகள் கொண்ட டெபிட் கார்டைப் பற்றிக் கடைக்காரர்களுக்கு

ஆஸ்திரேலியாவில் சிறு வணிகர்களின் கணக்குகளைப் பார்ப்பது என் தொழில். நம்மவர் நடத்தும் மளிகைக் கடைகளும் உணவகங்களும் அவற்றில் கணிசமாக உண்டு. மேற்குச் சிட்னியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவருடைய கணக்கை அண்மையில் திறந்தபோது, மாதம் 60,000 டாலர் அட்டை விற்பனைக்கு 900 டாலர் கட்டணமாகப் போயிருந்தது. காரணம் கேட்டேன். “வாடிக்கையாளர்கள் எல்லோரும் டெபிட் கார்டில் CR பொத்தானை அழுத்துகிறார்கள், கடனில் வாங்கினால் கட்டணம் கூடத்தானே செய்யும்” என்றார். இந்தப் பதிலை இத்தனை கடைகளில் கேட்ட பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆஸ்திரேலிய வங்கிகள் வழங்கும் டெபிட் கார்டுகளில் பெரும்பாலானவை இரண்டு வலையமைப்புகளைச் சுமக்கின்றன. ஒன்று விசா அல்லது மாஸ்டர்கார்டு. மற்றொன்று உள்நாட்டு வலையமைப்பான எஃப்ட்போஸ். ஒரே கார்டு, அதன் பின்னால் ஒரே வங்கிக் கணக்கு, ஆனால் அந்தக் கணக்கிலிருந்து கடைக்குப் பணம் வந்து சேர இரண்டு பாதைகள். எந்தப் பாதையில் வந்தாலும் வாடிக்கையாளருடைய கணக்கில் குறையும் தொகை ஒன்றுதான். முக்கியமாக வேறுபடுவது, அந்தப் பாதைக்காகக் கடைக்காரர் செலுத்தும் கட்டணம்.

இப்போது அந்தப் பொத்தான்களுக்கு வருகிறேன். கார்டை இயந்திரத்தில் செருகினால் திரையில் காசோலைக் கணக்கைக் குறிக்கும் CHQ, சேமிப்புக் கணக்கைக் குறிக்கும் SAV, பிறகு CR என்று மூன்று தெரிவுகள் வரும். CHQ, SAV இரண்டில் எதை அழுத்தினாலும் பரிவர்த்தனை எஃப்ட்போஸ் வழியாகப் போகும். CR அழுத்தினால் விசா அல்லது மாஸ்டர்கார்டு வழியாகப் போகும். ‘கிரெடிட்’ என்ற சொல்லைச் சுருக்கி வைத்திருப்பதால் அது கடன் என்று எண்ணிவிடுகிறார்கள். டெபிட் கார்டுக்குப் பின்னால் கடன் கணக்கே கிடையாது. இல்லாத கணக்கிலிருந்து யாரும் கடன் தர முடியாது. டெபிட் கார்டைச் செருகி CR அழுத்துபவர் தன் சொந்தப் பணத்தைத்தான் கொடுக்கிறார், வட்டி எதுவும் ஏறாது, மாதக் கடைசியில் கடன் பட்டியல் எதுவும் வராது. உண்மையான கிரெடிட் கார்டு வேறு பொருள். அதில் பொதுவாக எஃப்ட்போஸ் பாதையே இருக்காது, ஆகவே தெரிவு என்ற பேச்சுக்கும் இடமில்லை. இவ்வளவையும் நான் விளக்கி முடித்த பிறகும் “அப்படியானால் CR அழுத்தினால் கடன்தானே?” என்று திரும்பக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை. கடன் இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இன்று பெரும்பாலானோர் கார்டைச் செருகுவதே இல்லை, இயந்திரத்தின் மீது தொட்டுவிட்டுப் போகிறார்கள். தொடும்போது பொத்தான் எதுவும் திரையில் வராது. அப்போது பாதையைத் தேர்ந்தெடுப்பது யார்? கார்டிலுள்ள சில்லு, தன்னிடம் இருக்கும் இரண்டு வலையமைப்புகளின் பட்டியலை முன்னுரிமை வரிசையோடு இயந்திரத்திடம் கொடுக்கும். அந்த வரிசையை எழுதியது கார்டை வழங்கிய வங்கி. வழக்கமாக அதில் முதலிடம் விசாவுக்கோ மாஸ்டர்கார்டுக்கோதான். இயந்திரத்துக்கு வேறு கட்டளை இல்லையென்றால் அந்த முதலிடத்தையே எடுத்துக்கொள்ளும். வேறு கட்டளை இருந்தால், கார்டின் வரிசையை ஒதுக்கிவிட்டுக் கடைக்குக் குறைந்த செலவாகும் வலையமைப்பைத் தேர்ந்தெடுக்கும். இந்தக் கட்டளைக்குத்தான் ‘லீஸ்ட் காஸ்ட் ரூட்டிங்’ என்று பெயர். சில நிறுவனங்கள் ‘மெர்ச்சன்ட் சாய்ஸ் ரூட்டிங்’ என்கின்றன. ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி பல ஆண்டுகளாக வற்புறுத்தி வந்ததன் பயனாக இது பரவலாகக் கிடைக்கிறது. ஆனால் கிடைப்பது வேறு, உங்கள் இயந்திரத்தில் இயங்குவது வேறு.

தொடும் வாடிக்கையாளரைக் கேட்காமல் கடை முடிவு செய்வது சரியா என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை 2015/751, கடைக்காரர் தன் இயந்திரத்தில் ஒரு வலையமைப்புக்கு முன்னுரிமை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பணம் செலுத்துபவர் அதை மாற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியாவில் தொடும் வேளையில் அப்படி ஒரு திரை வருவதில்லை; தன் விருப்பப்படி பாதையைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர் கார்டைச் செருகிப் பொத்தானை அழுத்திக்கொள்ளலாம்.

அந்த மளிகைக் கடைக்குத் திரும்புகிறேன். கணக்கு எளிதாக இருக்க எண்களை முழு எண்களாக்கித் தருகிறேன். மாதம் 60,000 டாலரில் 40,000 டாலர் இரட்டை வலையமைப்பு டெபிட் கார்டுகள், 5,000 டாலர் எஃப்ட்போஸ் இல்லாத டெபிட் கார்டுகள், 15,000 டாலர் கிரெடிட் கார்டுகள். அவர் வைத்திருந்தது ஒற்றை விகிதத் திட்டம்: எந்தக் கார்டானாலும் 1.5 சதவீதம். அதனால்தான் 900 டாலர். மேலே சொன்ன கட்டளையை அன்றைக்கே இயக்கியிருந்தாலும் அவருக்கு ஒரு சதம்கூட மிச்சமாகியிருக்காது, ஏனென்றால் பாதை மாறினாலும் அவர் கொடுப்பது அதே 1.5 சதவீதம்தான், குறைந்த செலவின் பலன் முழுவதும் இயந்திரம் கொடுத்த நிறுவனத்திடமே தங்கிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் “நாங்கள் அதை எப்போதோ போட்டுவிட்டோமே” என்று பெருமையாகச் சொல்லும் கடைக்காரர்கள்தான் என்னை மிகவும் வருத்துகிறார்கள்.

வலையமைப்புவாரியாகக் கட்டணம் பிரித்துக் காட்டும் திட்டம் ஒன்றை அவருக்குக் கேட்டு வாங்கினோம். அதில் எஃப்ட்போஸ் 0.3 சதவீதம், விசா மற்றும் மாஸ்டர்கார்டு டெபிட் 0.6 சதவீதம், கிரெடிட் 1.1 சதவீதம், இயந்திர வாடகை மாதம் 30 டாலர். 40,000 டாலர் எஃப்ட்போஸ் வழியே போனால் 120 டாலர். 5,000 டாலருக்கு 30. கிரெடிட் கார்டுகளுக்கு 165. வாடகையோடு மொத்தம் 345 டாலர். இதே திட்டத்தில் கட்டளையை இயக்காமல் விட்டிருந்தால் அந்த 120 டாலர் 240 ஆகியிருக்கும், மொத்தம் 465. ஆக, பெரிய வித்தியாசம் திட்டத்தை மாற்றியதால் வந்தது. அதற்குப் பிறகுதான் பாதையின் பயன் மாதம் 120 டாலராகக் கையில் தெரிந்தது. உங்கள் விகிதங்கள் வேறாக இருக்கும், ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான். சில கடைகளில், குறிப்பாக விற்பனை மிகக் குறைவாக உள்ள இடங்களில், வாடகையைச் சேர்த்துப் பார்த்தால் ஒற்றை விகிதமே மலிவாக வருவதும் உண்டு. போட்டுப் பார்க்காமல் மாற்றாதீர்கள்.

காபிக் கடைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில ஒப்பந்தங்களில் எஃப்ட்போஸ் கட்டணம் சதவீதமாக இல்லாமல், பரிவர்த்தனைக்கு இத்தனை சதம் என்று நிலையாக இருக்கும். 8 சதம் என்று வைத்துக்கொள்வோம். 5 டாலர் காபிக்கு 0.6 சதவீதம் என்பது 3 சதம்தான். அங்கே விசாவே மலிவு. ஏறத்தாழ 13 டாலருக்கு மேல் போன பிறகுதான் எஃப்ட்போஸ் வெல்லும். தொகையைப் பார்த்துப் பாதையை மாற்றும் வசதியைச் சில நிறுவனங்கள் தருகின்றன. எல்லாவற்றையும் எஃப்ட்போஸுக்குத் தள்ளும் வசதி மட்டுமே சிலவற்றிடம் உண்டு. உங்கள் சராசரி விற்பனைத் தொகை என்ன என்பது தெரியாமல் இதில் கைவைக்க வேண்டாம்.

கட்டளை உண்மையில் இயங்குகிறதா என்று கண்டுபிடிக்க யாரையும் நம்பத் தேவையில்லை. பெரும்பாலான இயந்திரங்கள் ரசீதில் AID என்று ஓர் எண்ணை அச்சிடுகின்றன. அதன் தொடக்கம் எந்த வலையமைப்பு என்பதைச் சொல்லிவிடும்:

```
A000000384...   எஃப்ட்போஸ்
A000000003...   விசா
A000000004...   மாஸ்டர்கார்டு
```

உங்களுடைய சொந்த டெபிட் கார்டின் பின்புறத்தில் எஃப்ட்போஸ் சின்னம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கடையில் ஒரு பொருளை வாங்கி, கார்டைத் தொட்டு, ரசீதைப் பாருங்கள். முதல் வரிசை வந்தால் இயங்குகிறது. மற்ற இரண்டில் ஒன்று வந்தால் இயங்கவில்லை, அல்லது உங்கள் தொகைக்கு அந்தப் பாதையே மலிவு என்று அமைத்திருக்கிறார்கள். கார்டைக் கொண்டே சோதியுங்கள், கைபேசியைக் கொண்டல்ல. கைபேசிப் பணப்பையில் ஏற்றிய கார்டுக்கு இந்த வசதி பிந்தித்தான் வந்தது, எல்லா வங்கிக் கார்டுகளிலும் எல்லா இயந்திரங்களிலும் ஒரே மாதிரி நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரின் கார்டைக் கொண்டும் சோதிக்காதீர்கள், அதில் எஃப்ட்போஸே இருக்காது.

கல்லாவுக்குப் பக்கத்தில் ‘கார்டைச் செருகி SAV அழுத்தவும்’ என்று காகிதம் ஒட்டி வைத்திருக்கும் கடைகளைப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைக் கிழித்துவிடுங்கள். இயந்திரம் கேட்காமல் செய்யக்கூடிய வேலைக்கு வரிசையில் நிற்கும் மனிதரை ஏன் வருத்துகிறீர்கள்? அதோடு, சிலருடைய கார்டில் SAV, CHQ இரண்டுக்கும் வெவ்வேறு கணக்குகளை இணைத்திருப்பார்கள். நீங்கள் சொன்னதற்காக SAV அழுத்தி, அவர் தொடக்கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்த சேமிப்பிலிருந்து பணம் போனால், கோபம் உங்கள் மீதுதான் வரும்.

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியது சிறிதுதான். எஃப்ட்போஸ் வழியே போனாலும் தவறான பரிவர்த்தனையைத் தன் வங்கியிடம் முறையிடலாம். ஆனால் விசாவும் மாஸ்டர்கார்டும் வைத்திருக்கும் பணம் திரும்பப் பெறும் விதிமுறைகளை நம்பிப் பெரிய தொகைக்கு முன்பணம் கட்டுபவர், கார்டைச் செருகி CR அழுத்தக் கேட்டால் அதைத் தடுக்காதீர்கள், அது அவருடைய உரிமை. கடையில் ரொக்கம் எடுக்க விரும்புபவர் மட்டும் எஃப்ட்போஸ் பாதையில், அதாவது செருகி SAV அல்லது CHQ அழுத்தித்தான் வர வேண்டும்.

இயந்திரம் கொடுத்த நிறுவனத்தை அழைக்கும்போது “மலிவாக்கித் தாருங்கள்” என்று கேட்காதீர்கள். இனிமையாக ஏதோ சொல்லி வைத்துவிடுவார்கள். என் திட்டம் ஒற்றை விகிதமா, வலையமைப்புவாரியாகப் பிரித்ததா? தொடும் பரிவர்த்தனைகளுக்கு லீஸ்ட் காஸ்ட் ரூட்டிங் என் இயந்திரத்தில் இன்று இயங்குகிறதா? எந்தத் தொகைக்கு மேல்? இந்த மூன்றையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் மாதாந்தரக் கட்டண அறிக்கையில் எஃப்ட்போஸ், விசா டெபிட், மாஸ்டர்கார்டு டெபிட் ஒவ்வொன்றுக்கும் சராசரிச் செலவு எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டியிருக்கும். அந்த அறிக்கையைத் திறக்காமலேயே என்னிடம் அனுப்பும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். எஃப்ட்போஸ் வழியே போன விற்பனை பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால், என்னை அழைப்பதற்கு முன் அவர்களை அழையுங்கள்.