யானைக்கால்: தோற்றத்துக்கு வைத்த பெயர்

யானைக்கால் என்றதும் பெரும்பாலோர் மனத்தில் வருவது காலின் பருமன்தான். ஆனால் பெயரின் பொருத்தம் தோலில் இருக்கிறது. யானையின் காலைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சாம்பல் நிறத்தில் தடித்த தோல், கணுக்காலில் மடிந்து விழும் வரிகள், விரல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத பாதம். நோய் முற்றிய மனிதக் காலும் அப்படித்தான் ஆகிறது. தோல் தடித்து, சொரசொரத்து, கணுக்காலில் மடிப்பு விழுந்து, சிலருக்கு மருக்கள் போலச் சிறு முண்டுகளும் கிளம்பும். வீங்கிய கால்கள் எத்தனையோ உண்டு, அவை எல்லாம் யானைக்கால் ஆகிவிடாது.

மற்ற மொழிகளிலும் யானைதான் நின்றது. கிரேக்கத்தில் யானைக்கு எலிஃபாஸ். அதிலிருந்து வந்தது எலிஃபண்டியாசிஸ். ஆனால் பழைய கிரேக்க மருத்துவர்கள் அந்தச் சொல்லால் குறித்தது இந்தக் காலை அல்ல, தொழுநோயை. அங்கும் தடித்த தோல்தான் காரணம். அரபு மருத்துவர்கள் வீங்கிய காலுக்குத் தனியாக 'தாஉல் ஃபீல்', அதாவது யானை நோய், என்று பெயர் வைத்திருந்தார்கள். அரபு நூல்கள் லத்தீனுக்குப் போனபோது இரண்டும் ஒரே சொல்லில் வந்து விழுந்தன. அப்புறம் 'கிரேக்கரின் எலிஃபண்டியாசிஸ்', 'அரபியரின் எலிஃபண்டியாசிஸ்' என்று அடைமொழி போட்டுப் பிரிக்க வேண்டியதாயிற்று. தோற்றத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால் வரும் சிக்கல் இது. வடமொழியில் இந்தக் காலுக்கு ஸ்லீபதம் என்று பெயர். கல்போல் இறுகிய பாதம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். தமிழில் ஆனைக்கால் என்றும் எழுதுவதுண்டு.

காரணம் தெரிந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். 1866இல் பிரேசிலில் வூஹரர் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் சிறுநீரில் நுண்புழுக்களைக் கண்டார். 1872இல் கல்கத்தாவில் லூயிஸ் அவற்றை இரத்தத்தில் கண்டார். 1876இல் ஆஸ்திரேலியாவில் பான்கிராஃப்ட் முதிர்ந்த புழுவைப் பிடித்தார். அடுத்த ஆண்டே சீனாவின் அமோயில் மேன்சன், கொசுவுக்குள் அது வளர்வதைக் காட்டினார். நூல் போல மெலிந்த புழு என்பதால் ஃபைலேரியா என்றார்கள். லத்தீனில் ஃபைலம் என்றால் நூல். தமிழில் யானைக்கால் புழு என்கிறோம்.

சரி, கொசு கடித்து உள்ளே போன புழு எங்கே குடியிருக்கிறது? நிணநீர் நாளங்களில். நிணம் என்பது பழந்தமிழில் கொழுப்பு. இரத்தக் குழாயிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரையும் புரதத்தையும் திரும்ப எடுத்துப் போகும் மெல்லிய குழாய்கள்தான் நிணநீர் நாளங்கள். முதிர்ந்த புழுக்கள் ஆறேழு ஆண்டுகள் அவற்றில் உயிரோடு இருந்து நாளத்தை அகலப்படுத்திவிடும். உள்ளே நீர் பின்னால் திரும்பாமல் தடுக்கும் தடுக்கிதழ்கள் பழுதாகி நீர் கீழே தேங்கும். அது புரதம் நிறைந்த நீர் என்பதால் நாளடைவில் அந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து தோல் கெட்டிப்படும். தேங்கிய இடத்தில் கிருமியை எதிர்க்கும் திறனும் குறைந்துவிடும்.

சிரை வீக்கத்தில் நடப்பது வேறு. சிரை என்பது இரத்தத்தை இதயத்துக்குத் திரும்ப எடுத்துச் செல்லும் குழாய். பேச்சில் அதை நரம்பு என்றே சொல்கிறோம், 'நரம்பு சுருண்டிருக்கு' என்போம். மூளையிலிருந்து வரும் நரம்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. சுருள் சிரை என்று எழுதினால் குழப்பம் தீரும். சிரையின் தடுக்கிதழ் பழுதானால் கீழே தேங்குவது இரத்தம். அதன் அழுத்தத்தில் நீர் கசியும். மாலையில் வீங்கும், காலைத் தூக்கி வைத்துத் தூங்கி எழுந்தால் பெரும்பாலும் வடியும். விரலால் அழுத்தினால் குழி விழும். கணுக்காலைச் சுற்றிப் பழுப்பு நிறம் படரும், உள்கணுக்காலுக்கு மேலே புண் வரும். தோல் இறுகுவதும் உண்டு, ஆனால் அங்கே கால் கணுக்காலுக்கு மேல் ஒடுங்கி, தோல் வழவழப்பாக இருக்கும். யானைக்காலின் சொரசொரப்பு இருக்காது.

குழி விழுவதை வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. தொடக்க நிலை நிணநீர் வீக்கத்திலும் குழி விழும், இரவில் வடியவும் வடியும். பாதத்தின் மேற்புறத்தையும் விரல்களையும் பார்க்க வேண்டும். சிரை வீக்கம் பெரும்பாலும் விரல்களை விட்டுவைக்கும். நிணநீர் வீக்கத்தில் பாதத்தின் முதுகு மேடாகும், விரல்கள் சதுரமாகத் தெரியும். இரண்டாம் விரலின் அடியில் தோலை இரு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தூக்க வராவிட்டால் நிணநீர் வீக்கம் என்று ஏறக்குறைய உறுதி. தூக்க வந்துவிட்டது என்பதால் மட்டும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இப்படி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தைந்து வயதுப் பெண், பன்னிரண்டு ஆண்டாக இடது கால் வீக்கம். 'நரம்புச் சுருட்டல்' என்று சொல்லி இறுக்கமான காலுறை கொடுத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வருகிறது, கால் சிவந்து சுடுகிறது, தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. ஒவ்வொரு முறையும் கால் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. கணுக்காலில் ஆழமில்லாத மடிப்பு விழுந்திருக்கிறது, நிணநீர் வீக்கத்தின் மூன்றாம் நிலைக்கு அடையாளம் அது. விரல் தோலைக் கிள்ள முடியவில்லை. நான்காம், ஐந்தாம் விரல்களுக்கு இடையே தோல் வெளுத்து ஊறிப் பிளந்திருக்கிறது. நுண்புழு இரத்தத்தில் வரும் நேரம் என்று இரவு பத்து மணிக்கு மேல் எடுத்த இரத்தத்திலும் அது இல்லை. இதில் பலர் தடுமாறுவார்கள். கால் இந்த நிலைக்கு வந்தவர்கள் பலரின் இரத்தத்தில் புழு தென்படுவதே இல்லை. முதிர்ந்த புழுக்கள் செத்திருக்கலாம், பழுதான நாளம் அப்படியே இருக்கும். எனவே புழு பரவும் பகுதியில் வாழ்ந்தவராக இருந்தால், ஒரு சோதனையில் இல்லை என்று வந்ததை வைத்து இது யானைக்கால் இல்லை என்று சொல்ல முடியாது. சிரையைப் பார்க்க டாப்ளர் ஸ்கேன் எடுக்கலாம். இரண்டும் ஒன்றாக இருப்பதும் உண்டு. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட சிரை நோய் நிணநீர் நாளங்களையும் கெடுத்துவிடும்.

புழுவே இல்லாமலும் யானைக்கால் வரும். எத்தியோப்பிய மேட்டுநிலங்களில் எரிமலைச் செம்மண்ணில் வெறுங்காலோடு உழைப்பவர்களுக்கு வருவது போடோகோனியோசிஸ். பெரும்பாலும் இரு பாதங்களிலும் தொடங்கி, முழங்காலுக்குக் கீழேயே நிற்கும். பார்க்க யானைக்கால்தான், கொசுவுக்கோ புழுவுக்கோ அதில் பங்கில்லை. இதனால்தான் யானைக்கால் என்ற சொல்லைத் தோற்றத்துக்கு வைத்துக்கொண்டு, நோய்க்கு நிணநீர் வீக்கம் என்று எழுதி, காரணம் புழுவா மண்ணா என்று பக்கத்தில் குறிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. சிரையால் வருவதற்குச் சிரை வீக்கம் என்றே எழுதலாம்.

அந்தப் பெண்ணின் சீட்டில் 'இடது கால், புழுவால் வந்த நிணநீர் வீக்கம், மூன்றாம் நிலை' என்று எழுதியவர் அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் அந்த விரல் இடுக்குதான். கிருமி உள்ளே போவது அந்தப் பிளவு வழியாக. காய்ச்சலும் சிவப்பும் அதனால் வருபவை, ஒவ்வொரு தாக்குதலும் தோலை இன்னும் தடிப்பாக்குகிறது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, மடிப்புகளையும் இடுக்குகளையும் மெல்லிய துணியால் ஈரம் போக ஒற்றியெடுத்து, பிளவில் பூஞ்சைக்கான களிம்பைத் தடவ வேண்டும். உட்காரும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும், கணுக்காலைச் சுழற்ற வேண்டும். கால் சிவந்து சுடும் நாட்களில் இறுக்கக் காலுறை வேண்டாம், கிருமிக்கு மருந்து எடுக்க வேண்டும். புழுவுக்கான டி.ஈ.சி. மாத்திரையால் தடித்த தோல் பழையபடி ஆகாது. பிளவு ஆறினால் காய்ச்சல் வருவது குறையும், அதோடு தோல் தடிப்பதும் மெதுவாகும்.