கோரஸ்: பல்லவியா, மகுடமா?

பாட்டு எழுதிப் பழகும் இளைஞர் ஒருவர், கோரஸுக்கு நல்ல தமிழ்ச்சொல் என்ன என்று கேட்டார். பல்லவி என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அவர் அடுத்துக் கேட்டதுதான் உண்மையான கேள்வி: "ஒவ்வொரு சரணத்துக்கு அப்புறமும் அதே வரிதானே வருகிறது, கேட்பவருக்கு அலுக்காதா?" சொல்லைப் பிரித்துப் பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும்.

கோரஸ் கிரேக்கத்தில் பிறந்த சொல். அங்கே 'கொரோஸ்' என்றால் கூட்டமாக ஆடுவது, ஆடிப் பாடும் கூட்டம். ஏதென்ஸின் துன்பியல் நாடகங்களில் இந்தக் குழு மேடையின் முன்வட்டத்தில் நின்று, நடப்பதைப் பார்த்துப் பாடும், கேள்வி கேட்கும், அஞ்சும். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது பொருள் கிளைத்தது. பாடும் கூட்டமும் கோரஸ், ஒருவர் பாடும் பாட்டில் எல்லோரும் சேர்ந்துகொள்ளும் பகுதியும் கோரஸ். கூட்டம் சேர்ந்து பாட வேண்டுமென்றால் சொற்கள் மாறக்கூடாது. அதனால் திரும்பத் திரும்ப வரும் பகுதிக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது.

நம் ஒலிப்பதிவுக் கூடங்களில் கோரஸ் என்றால் முதல் பொருள்தான். "கோரஸ் வந்தாச்சா?" என்று கேட்டால் பின்னணியில் சேர்ந்து பாடுகிறவர்கள் வந்துவிட்டார்களா என்று அர்த்தம். அவர்களைக் குழுப்பாடகர்கள் என்று சொல்லலாம். திரும்பி வரும் பகுதிக்குத்தான் பல்லவி. 'பல்லவம்' என்றால் தளிர், பல்லவித்தல் என்றால் தளிர்த்தல். மறுபடி மறுபடி துளிர்ப்பது என்று கொண்டால் சொல் அழகாகவே பொருந்துகிறது. பதம், லயம், விந்யாசம் மூன்றின் முதலெழுத்துகள் சேர்ந்து பல்லவி ஆனது என்றும் சொல்வார்கள். அது பிற்காலத்தில் கட்டிய விளக்கமாகத்தான் எனக்குப் படுகிறது.

ஆனாலும் பல்லவியும் கோரஸும் அப்படியே ஒன்றல்ல. மேற்கத்தியப் பாட்டில் பெரும்பாலும் சரணம் முதலில் வரும், கதை கொஞ்சம் சொல்லப்பட்ட பிறகே கோரஸ் ஒலிக்கும். நம் பாட்டு பல்லவியிலேயே தொடங்குகிறது. யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்று தெரியாமலேயே அதை முதலில் கேட்டுவிடுகிறோம். முதல் சரணம் முடிந்து திரும்பும்போதுதான் அதற்கு ஓர் ஆள் கிடைக்கிறார். சொல்லப்போனால் நம் பல்லவிக்குப் பொருள் மாற வாய்ப்பு அதிகம்.

இன்னொரு சொல்லும் நம்மிடம் உண்டு: மகுடம். தனிப் பகுதியாக இல்லாமல், ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் ஒரே தொடராக வந்து முடிவது. திருப்பாவையின் முப்பது பாட்டிலும் வரும் 'ஏலோ ரெம்பாவாய்' அப்படிப்பட்டது. அந்த மகுடம் பொருளில் அதிகம் அசைவதில்லை, பாட்டு முடிந்தது என்று முத்திரை வைக்கிறது. பொருளில் அசையும் மகுடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சிலப்பதிகாரத்தின் கானல்வரிக்குப் போக வேண்டும்.

புகார்க் கடற்கரை. மாதவி யாழை மீட்டிப் பார்த்துக் கோவலனிடம் நீட்டுகிறாள். அவள் மனம் மகிழத்தான் அவன் வாசிக்கத் தொடங்குகிறான் என்று இளங்கோ சொல்கிறார். அவன் காவிரியைப் பார்த்து மூன்று பாட்டுப் பாடுகிறான். பாட்டுக்கு இரண்டு முறை 'வாழி காவேரி' வருகிறது.

முதல் பாட்டில் காவிரியின் கணவன் சோழன். கோவலன் "கங்கை தன்னைப் புணர்ந்தாலும் புலவாய் வாழி காவேரி" என்கிறான். கணவன் வேறொருத்தியிடம் போனாலும் நீ ஊடவில்லை, வாழ்க. இந்த முதல் 'வாழி' வெறும் பாராட்டு. இரண்டு அடி தள்ளி, அப்படி ஊடாதிருப்பது பெண்களின் பெருங்கற்பு என்று "அறிந்தேன் வாழி காவேரி" என முடிக்கிறான். அதே தொடர் இப்போது ஒரு தீர்ப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த பாட்டில் கங்கைக்குப் பதில் கன்னி என்னும் குமரியாறு, மற்றபடி அதே அச்சு. ஒரு முறை சொன்னால் உவமை, இரண்டாம் முறையும் சொன்னால் மனத்தில் எதையோ வைத்துப் பாடுகிறான் என்று கேட்பவளுக்குத் தோன்றும். மகுடத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. மாறியது மாதவியின் காது.

மூன்றாம் பாட்டில் அவன் உழவர் ஓசை, மதகின் ஓசை, விழா ஓசை என்று நாட்டு வளத்துக்குப் போய்விடுகிறான். "விழவர் ஓதை சிறந்தார்ப்ப நடந்தாய் வாழி காவேரி." இங்கே வாழ்த்து உண்மையிலேயே வாழ்த்து. ஆனால் அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. இவனுக்கு வேறொரு குறிப்பு உண்டு என்று நினைத்து, மகிழ்ந்தவள் போல, "புலவியால் யாழ் வாங்கி" மாதவி பாடத் தொடங்குகிறாள். புலவாதிருப்பதை அவன் புகழ்ந்து பாடிய பிறகு, இவள் புலவியோடு யாழை வாங்குகிறாள். அந்தச் சொல்லை இளங்கோ தற்செயலாகப் போட்டிருக்க மாட்டார்.

அவளும் தனக்கு ஒரு குறிப்பு இருப்பது போல அதே மகுடத்தை எடுத்துக்கொள்கிறாள். மகுடத்தை மட்டுமல்ல, அவன் 'சிறந்தார்ப்ப' என்றதையும் 'நடந்தாய்' என்றதையும் சேர்த்து எடுக்கிறாள். வண்டு சிறந்தார்ப்ப, பூவாடை போர்த்து, கருங்கயற்கண் விழித்து நீ நடந்ததெல்லாம், "நின்கணவன் திருந்து செங்கோல் வளையாமை அறிந்தேன் வாழி காவேரி." அவன் பாட்டில் 'வளையாச் செங்கோல்' அரசனுக்கு ஓர் அடைமொழி, அவ்வளவுதான். இவள் அதையே காரணமாக்கிவிட்டாள். நீ இப்படி ஒயிலாக நடப்பது உன் கற்பால் மட்டுமல்ல, உன் கணவன் கோல் கோணாமல் இருப்பதால். அவன் 'அறிந்தேன்' என்றது பெண்ணின் பொறுமையை, இவள் 'அறிந்தேன்' என்பது ஆணின் நேர்மையை. வாழ்த்து காவிரிக்கு, குத்தல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு.

அவளுடைய மூன்றாம் பாட்டில் காவிரி நாட்டை மகவாக வளர்க்கும் தாய். அவனைப் போலவே அவளும் மூன்றாவதில் 'அறிந்தேன்' என்பதை விட்டுவிடுகிறாள். பன்னிரண்டாம் முறை வரும் 'வாழி காவேரி' மறுபடி வெறும் வாழ்த்தாகிறது. கோவலன் காதில் அது ஏறவில்லை. நான் கானல்வரி பாட, இவள் வேறொருவன் மேல் மனம் வைத்துப் பாடினாள் என்று எழுந்து போய்விடுகிறான்.

ஒரு பல்லவி இப்படி மாறுகிறதா என்று பார்க்க நான் செய்வது இதுதான். சரணங்களின் வரிசையை மாற்றிப் படித்துப் பார்ப்பேன். கானல்வரியில் மாதவி பாட்டை முன்னால் வைத்தால் 'செங்கோல் வளையாமை' யாருக்கும் பதிலாகாது, அரசனைப் புகழும் சாதாரண வரியாகிவிடும். திருப்பாவைப் பாட்டுகள் இரண்டை இடம் மாற்றினால் 'எம்பாவாய்' அப்படியே நிற்கும். அப்புறம், திரும்பி வரும் வரிக்கு முன்னால் என்ன வினைச்சொல் நிற்கிறது என்று பார்ப்பேன். 'புலவாய் வாழி', 'அறிந்தேன் வாழி', 'நடந்தாய் வாழி' மூன்றிலும் பொருளைத் திருப்புவது முன்னால் ஒட்டிய அந்த ஒரு சொல்தான்.

எல்லாப் பல்லவியும் மாறியே ஆக வேண்டும் என்பதில்லை. ஏற்றம் இறைக்கும்போதும் பஜனையிலும் எல்லோரும் சேர்ந்துகொள்ளத்தான் அந்த வரி, அங்கே பொருள் தேடினால் வீண். அந்த இளைஞர் தன் பாட்டைக் காட்டினார். இரண்டு சரணமும் ஒரே சோகத்தை வேறு வேறு உவமையில் சொல்லின, பல்லவி மாற வழியே இல்லை. பல்லவியைத் தொட வேண்டாம், இரண்டாம் சரணத்தைப் பாட்டில் வரும் பெண் பாடுவதாக எழுதிப் பாருங்கள் என்றேன்.